ஹால் டூட்டி அட்டவணை போடுவது எப்படி: முதல் முறை தேர்வுப் பொறுப்பு ஏற்கும் ஆசிரியருக்கு

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது தலைமையாசிரியர் கூப்பிட்டு, "இந்த முறை நீங்கள் டூட்டி போடுங்கள்" என்று சொல்லிவிடுவார். கையில் ஒரு கால அட்டவணையும் ஆசிரியர் வருகைப் பதிவேடும் இருக்கும். பெரும்பாலானோர் உடனே செய்வது என்னவென்றால், பதிவேட்டில் உள்ள வரிசைப்படி முதல் நாள் காலைக்கு முதல் எட்டுப் பேர், பிற்பகலுக்கு அடுத்த எட்டுப் பேர் என்று பெயர்களை நிரப்பிக்கொண்டு போவது. மூன்றாவது நாள் வரை இது அழகாக ஓடும். அறிவியல் தேர்வு நாள் வந்ததும் உடைந்துவிடும். அறிவியல் ஆசிரியர்களை அறைக்குள் விட முடியாது, மீதிப் பேர் போதாது, ஏற்கெனவே போட்டவர்களையே மறுபடி இழுக்க வேண்டிவரும். மேசைக்கு ஆள் வந்து "எனக்கு மட்டும் ஏன் ஆறு?" என்று கேட்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆகவே பெயர்களைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் அறைகளை எண்ணுங்கள், அப்புறம் பங்கைக் கணக்கிடுங்கள், அப்புறம் யார் எப்போது வரக்கூடாது என்று குறியுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெயர். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை உள்ள, சுமார் 500 பிள்ளைகள் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியை எடுத்துக்கொண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனைதான். உங்கள் பள்ளி எண்களை வைத்து அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் அறைகள்

காலையில் 6, 8, 10, 12 வகுப்புகள் எழுதுகின்றன, பிற்பகலில் 7, 9, 11. பள்ளித் தேர்வில் ஒரு பெஞ்சுக்கு இருவர், அதுவும் வெவ்வேறு வகுப்பினர் என்று உட்கார வைப்பது வழக்கம். யாரை யாரோடு கலப்பது என்பதில் புதியவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஆறாம் வகுப்புக்கு 2 மணி நேரத் தேர்வு, பத்தாம் வகுப்புக்கு 3 மணி நேரம். இரண்டையும் ஒரே அறையில் கலந்தால், சின்னப் பிள்ளைகள் விடைத்தாளைக் கொடுத்துவிட்டுச் சத்தத்தோடு கிளம்பும்போது பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருக்கும். நேரம் ஒத்த வகுப்புகளைத்தான் கலக்க வேண்டும்.

நம் பள்ளியில் 10ஆம் வகுப்பில் 90 பேர், 12இல் 80 பேர். அறைக்கு 20 பெஞ்சு என்றால் இரண்டையும் கலந்து 5 அறைகள். 6இல் 50, 8இல் 60. இவர்களுக்கு 3 அறைகள். காலைக்கு மொத்தம் 8. பிற்பகலில் 9இல் 85, 11இல் 100, இருவரும் 3 மணி நேரம் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 5 அறைகள். 7ஆம் வகுப்புக்கு 2 மணி நேரம், கலக்க ஜோடி இல்லை. 55 பேரைப் பெஞ்சுக்கு ஒருவராக உட்கார வைத்தால் 3 அறைகள். இங்கும் 8.

ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மாற்று ஆசிரியர் கட்டாயம் வேண்டும். அவர் அறை அறையாகப் போய் மற்றவர்களை ஐந்து நிமிடம் விடுவிப்பார், கூடுதல் விடைத்தாள் கொண்டுபோய்க் கொடுப்பார், யாராவது வரவில்லை என்றால் அந்த அறையில் நிற்பார். "ஆள் பற்றாக்குறை, மாற்று வேண்டாம்" என்று இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு ஆசிரியர் கழிப்பறைக்குப் போகும் நிலைமை அதனால்தான் வருகிறது. ஆக வேளைக்கு 9, நாளுக்கு 18 டூட்டி.

தேர்வு ஆறு நாள். முதல் ஐந்து நாளும் எல்லா வகுப்புக்கும் தேர்வு உண்டு: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். 11, 12க்கு நான்காம் நாள் வேதியியல், ஐந்தாம் நாள் உயிரியல் பாடங்கள். ஆறாம் நாள் 11, 12க்கு மட்டும் இயற்பியல். அன்று கலக்க வேறு வகுப்பு இல்லாததால் பெஞ்சுக்கு ஒருவர்தான். காலை 4 அறை, பிற்பகல் 5 அறை, வேளைக்கு ஒரு மாற்று, ஆக 11. ஐந்து நாளுக்கு 90, ஆறாம் நாளுக்கு 11, மொத்தம் 101 டூட்டி.

பங்கு

தலைமையாசிரியரையும், தேர்வுப் பொறுப்பில் இருக்கும் உங்களையும், மணி அடிப்பதையும் வராண்டா ஒழுங்கையும் பார்த்துக்கொள்ளும் உடற்கல்வி ஆசிரியரையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். இவர்கள் அவசரத்துக்கான கையிருப்பு. இதைச் சுற்றறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் "போடுகிறவர் தனக்கு மட்டும் போட்டுக்கொள்ளவில்லை" என்ற பேச்சு முதல் நாளே கிளம்பும்.

மீதி 20 முழுநேர ஆசிரியர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. நான்கு பேருக்கு அரைப் பங்கு. அவர்களில் ஒருவர் வினாத்தாள் பிரித்துக் கட்டுவதில் உங்களுக்கு உதவுபவர். இன்னொருவருக்கு மருத்துவக் காரணத்தால் நீண்ட நேரம் நிற்க முடியாது. மற்ற இருவரும் பகுதிநேர ஆசிரியர்கள். பகுதிநேர ஆசிரியர்களுக்கு வாரத்தில் மூன்று அரை நாள்தான் வேலை என்பதை மறந்து, மற்றவர்கள் மாதிரியே டூட்டி போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். எந்த அரை நாட்களில் வருகிறார்கள் என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

20ம், நான்கு அரைகளும் சேர்ந்து 22 பங்கு. 101ஐ 22ஆல் வகுத்தால் நாலரைக்குச் சற்று மேல். அரைப் பங்குக்காரர்களுக்கு ஆளுக்கு 2 என்று 8 போனால் மீதி 93. அதை 20 பேருக்குப் பிரித்தால் 13 பேருக்கு 5, 7 பேருக்கு 4. எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை வரவே வராது. அந்த ஒன்று யாருக்குக் கூடுகிறது என்பதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 101இல் 30 டூட்டி 2 மணி நேரத்தது, மீதி 71ம் 3 மணி நேரத்தவை. 2 மணி நேரத் தேர்வு நடப்பதைக் குட்டி அறை என்றும், 3 மணி நேரத் தேர்வு நடப்பதை நீண்ட அறை என்றும் சொல்வோம். மாற்று ஆசிரியர் டூட்டியையும் 3 மணி என்றே கணக்கிட்டிருக்கிறேன். கவனிக்காமல் விட்டால் ஒருவருக்கு ஐந்தும் நீண்ட அறையாக வந்து 15 மணி நேரம் ஆகும். இன்னொருவருக்கு நான்கும் குட்டி அறையாக வந்து 8 மணி நேரத்தில் முடிந்துவிடும். எண்ணிக்கையில் ஒன்றுதான் வித்தியாசம், உழைப்பில் கிட்டத்தட்ட இரு மடங்கு. அதனால் 5 டூட்டி வாங்குபவர்களுக்கு அதில் இரண்டு குட்டி அறையாக இருக்கட்டும், 13 மணி நேரம் ஆகும். 4 டூட்டி வாங்குபவர்களுக்கு ஒரு குட்டி அறை, அல்லது அதுவும் இல்லை. 11 அல்லது 12 மணி நேரம். நிற்க முடியாதவருக்கு இரண்டுமே குட்டி அறை. இப்படிப் போட்டால் 30 குட்டி டூட்டியும் சரியாகத் தீரும்.

தடைகளை முதலில் குறியுங்கள்

எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் ஒரு தாளைத் திறங்கள். B நெடுக்கில் பெயர்கள், 3ஆம் வரிசையிலிருந்து 26 வரை 24 பேர். C முதல் N வரை 12 வேளைகள்: முதல் நாள் முற்பகல், முதல் நாள் பிற்பகல் என்று. 5 நீண்ட அறைகளுக்கு 1 முதல் 5 வரை எண், குட்டி அறைகளுக்கு 6, 7, 8, மாற்று ஆசிரியருக்கு 9. வரக்கூடாத வேளையில் X.

முதல் சுற்றில் X மட்டும்தான் போடுகிறோம். தன் பாடத் தேர்வு நடக்கும்போது அந்தப் பாட ஆசிரியர் அறையில் இருக்கக்கூடாது என்பது முதல் தடை. அரசுப் பொதுத்தேர்விலும் அப்படித்தான். சந்தேகப்பட்டு மட்டும் இதைச் செய்வதில்லை, வேறொரு தேவையும் இருக்கிறது. வினாத்தாளில் அச்சுப் பிழை இருந்தால் எல்லா அறைக்கும் ஒரே திருத்தத்தைச் சொல்ல ஒருவர் வெளியே வேண்டும். பாட ஆசிரியர் மூன்றாம் எண் அறையில் மாட்டிக்கொண்டால் அந்த அறைப் பிள்ளைகளுக்கு மட்டும் விளக்கம் கிடைக்கும். பாட ஆசிரியர்களின் இரண்டு வேளைக்கும் X போட்டுவிட்டு, அன்று ஸ்டாஃப் ரூமில் இருக்கச் சொல்லுங்கள்.

வகுப்புகளைக் கலந்து உட்கார வைப்பதால் ஒரே அறையில் இரண்டு பாடம் நடக்கும். நான்காம் நாள் பத்தாம் வகுப்புக்கு அறிவியல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல். தடை இரண்டு பாடத்துக்கும் உண்டு. இதைக் கவனிக்காமல் போட்டால், அறிவியல் ஆசிரியரை மாற்றிவிட்டு அந்த இடத்தில் வேதியியல் ஆசிரியரை நிறுத்தியிருப்பீர்கள்.

ஆசிரியரின் பிள்ளை அதே பள்ளியில் படித்தால் அந்தப் பிள்ளை எழுதும் அறை அவருக்கு வேண்டாம். பகுதிநேர ஆசிரியர் வராத வேளைகளுக்கும், முன்கூட்டியே அனுமதி பெற்ற விடுப்புக்கும் X. "எனக்கு மதியம் வேண்டாம், பஸ் போய்விடும்" என்பதற்கு X போடாதீர்கள். அது விருப்பம், தடை ஆகாது. பென்சிலில் குறித்து வைத்துக்கொண்டு முடிந்தால் செய்யலாம். அப்படிச் செய்தால் அவருக்குக் காலையில் நீண்ட அறைகள் வரட்டும்.

இறுக்கமான நாளை முதலில் நிரப்புங்கள்

X எல்லாம் போட்டபின் ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று பாருங்கள். நம் 20 பேரில் தமிழ் 3, ஆங்கிலம் 3, கணிதம் 4, பட்டதாரி அறிவியல் ஆசிரியர்கள் 4, சமூக அறிவியல் 2, முதுகலையில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆளுக்கு ஒருவர். தமிழ் நாளும் ஆங்கில நாளும் 17 பேர் இருப்பார்கள். கணிதத்தன்று 16. அறிவியல் நாளில் அறிவியல் 4, வேதியியல் 1 போக 15. சமூக அறிவியல் நாளில் உயிரியல் பாடங்களும் நடப்பதால் 2ம் 2ம் போக 16.

ஒவ்வொரு நாளும் தேவை 18. ஒருவருக்கு ஒரே நாளில் காலை, மதியம் இரண்டும் வேண்டாம் என்றுதான் எல்லோரும் விரும்புவார்கள், அது நியாயமும்கூட. எனவே அரைப் பங்குக்காரர்களின் 8 டூட்டியும் இந்த ஓட்டைகளை அடைக்கத்தான். அவற்றை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் மொத்த அட்டவணையும் நிற்கிறது. தமிழ் நாளுக்கு 1, ஆங்கிலத்துக்கு 1, கணிதத்துக்கு 2, அறிவியலுக்கு 3, மீதி 1 சமூக அறிவியலுக்கு. சமூக அறிவியல் நாளில் இன்னும் ஒன்று குறைகிறது. அதற்கு ஒருவர் இரண்டு வேளையும் வந்தாக வேண்டும். அவருக்குக் காலையும் மதியமும் குட்டி அறையைக் கொடுங்கள். 6, 8 வகுப்புகளின் தேர்வு சீக்கிரம் முடிந்துவிடும், மதியத்துக்குள் சாப்பிட்டு ஓய்வெடுக்க நேரம் இருக்கும். அவரிடம் முன்னாலேயே போய்ச் சொல்லுங்கள். சுற்றறிக்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார் என்றால் அந்த வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் நாளிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பகுதிநேர ஆசிரியர்களை "எளிதாக இருக்கட்டும்" என்று முதல் இரண்டு நாளிலேயே பயன்படுத்தியிருப்பீர்கள். அறிவியல் நாளில் 15 பேரை வைத்துக்கொண்டு மூன்று பேரை இரண்டு வேளையும் நிறுத்தியிருப்பீர்கள். ஆகவே எழுதும் வரிசை இதுதான்: நான்காம் நாள், அப்புறம் ஐந்தாம், மூன்றாம் நாள், அப்புறம் முதல் இரண்டு நாள், கடைசியில் ஆறாம் நாள்.

ஆறாம் நாளைக் கடைசிக்கு விட்டதில் ஒரு லாபம் இருக்கிறது. முதல் ஐந்து நாளும் எல்லோரும் தங்கள் தடை நாள் தவிர தினமும் வந்துவிட்டார்கள், ஆளுக்கு 4. இயற்பியல் ஆசிரியருக்கு மட்டும் ஐந்து நாளும் தடையே இல்லாததால் 5, ஆறாம் நாள் அவருக்கு X. இரண்டு வேளை வந்தவருக்கும் 5. மீதி 18 பேரில் 11 பேர் ஆறாம் நாளுக்கு வேண்டும். முன்னே சொன்ன அந்தக் கூடுதல் ஒன்று இங்கேதான் விழுகிறது. காலாண்டுத் தேர்வில் யார் குறைவாகச் செய்தார்களோ அவர்களை எடுங்கள். அப்படியும் சமமாக இருந்தால் எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்குங்கள். பணிமூப்பை வைத்துப் பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மூத்தவர்களுக்கு மரியாதை கொடுக்க வேறு வழிகள் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவர் தலையில் எப்போதும் ஒன்று கூடுதலாக விழுந்தால், மூன்றாம் வருடம் அவர் பேசாமல் இருக்கமாட்டார்.

நாளுக்குள் யார் காலை, யார் மதியம், எந்த அறை என்பது எளிய வேலை. ஒருவருக்கு மூன்று பிற்பகலுக்கு மேல் வராமலும், ஒரே அறை எண் இரண்டு முறைக்கு மேல் வராமலும் பார்த்தால் போதும்.

ஷீட்டே கணக்குப் பார்க்கட்டும்

O நெடுக்கில் ஒருவரின் மொத்த டூட்டி, P நெடுக்கில் மணி நேரம். COUNT எண்களை மட்டும் எண்ணும் என்பதால் X கணக்கில் வராது.

```
O3: =COUNT(C3:N3)
P3: =O3*3-COUNTIF(C3:N3,6)-COUNTIF(C3:N3,7)-COUNTIF(C3:N3,8)
C27: =COUNT(C3:C26)
```

முதல் இரண்டையும் கீழே இழுத்துக்கொள்ளுங்கள், மூன்றாவதைப் பக்கவாட்டில். 27ஆம் வரிசையில் முதல் ஐந்து நாளுக்கும் 9, 9 என்று வர வேண்டும். ஆறாம் நாளுக்கு 5, 6.

எண்ணிக்கை 9 வந்தாலும் ஒரே அறைக்கு இரண்டு பேர், இன்னொரு அறைக்கு யாருமில்லை என்று இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாத பிழை இது. C3 முதல் N26 வரை தேர்ந்தெடுத்து, நிபந்தனை வடிவமைப்பில் கீழே உள்ளதைக் கொடுத்துச் சிவப்பு நிறம் வையுங்கள். ஒரே வேளையில் ஒரு எண் இரண்டு முறை வந்தால் இரண்டும் சிவக்கும்.

```
=AND(ISNUMBER(C3),COUNTIF(C$3:C$26,C3)>1)
```

எதுவும் சிவக்காமல், 27ஆம் வரிசையும் சரியாக வந்தால் அறை மோதல் இல்லை. X மேல் யாரையாவது எழுதிவிட்டோமா என்பதை மட்டும் ஷீட் சொல்லாது, ஏனென்றால் எழுதியதும் X அழிந்துவிடும். அதற்காக X மட்டும் போட்ட தாளைத் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்து, கடைசியில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நகல் எடுக்கச் சோம்பல்படாதீர்கள்.

சுற்றுக்கு விட்ட பிறகு

தேர்வுக்கு மூன்று நான்கு நாள் முன்பே வரைவைக் காட்டி, திருத்தம் கேட்டு, அப்புறம் தலைமையாசிரியர் கையெழுத்தோடு சுற்றறிக்கையாக விடுங்கள். எல்லோரும் பார்த்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். எல்லோருடைய மொத்த டூட்டி, மணி நேரம் ஆகியவையும் அதே தாளில் தெரியட்டும். பாதிப் புகார்கள் அதைப் பார்த்ததும் அடங்கிவிடும். மறைத்து வைத்தால்தான் ஆளாளுக்கு எண்ணத் தொடங்குவார்கள்.

பரிமாற்றம் கேட்பார்கள், கொடுங்கள். ஆனால் "நானும் அவரும் பேசிக்கொண்டோம்" என்பதை ஏற்காதீர்கள். ஒரு நோட்டில் இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு, நீங்கள் X தாளைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அது செல்லும். வாய்ப் பேச்சில் நடக்கும் பரிமாற்றத்தில்தான் தமிழ் ஆசிரியர் தமிழ்த் தேர்வு அறையில் நிற்பது நடக்கிறது.

காலையில் ஒருவர் திடீரென்று தற்செயல் விடுப்பு சொன்னால், மாற்று ஆசிரியர் அந்த அறைக்குப் போகிறார், மாற்று இடத்துக்கு உடற்கல்வி ஆசிரியர் வருகிறார். இரண்டாவது ஆளும் வரவில்லை என்றால் நீங்கள். மூன்றாவதாக இன்னொருவரும் வராத நாளில், பிற்பகல் குட்டி அறை இருப்பவர்களில் ஒருவரைக் காலைக்குக் கேட்டுப் பாருங்கள். இந்த வரிசையையும் முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட்டால் காலை ஒன்பது மணிக்கு ஆள் தேடி ஓட வேண்டியதில்லை.

தேர்வு முடிந்ததும் ஷீட்டைத் திருத்துங்கள். யாருக்குப் போட்டோம் என்பதை விட்டுவிட்டு, யார் நின்றார் என்பதை எழுதுங்கள். விடுப்பில் போனவருக்குப் பதில் நின்றவருக்கு ஒன்று கூட வேண்டும். காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தேர்வு மூன்றையும் சேர்த்துத்தான் சமன் பார்க்கிறோம், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அது வராது.

ஆண்டுத் தேர்வில் ஒரு சிக்கல் வரும். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்புக்கு ஆசிரியர்களை வேறு பள்ளிகளுக்கு அனுப்புவார்கள், அதன்பின் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கும் போவார்கள். பள்ளியில் பொதுத்தேர்வு இல்லாத வகுப்புகளின் ஆண்டுத் தேர்வும் அதையொட்டியே நடக்கும்போது, வெளியே போகாதவர்கள் மேல்தான் சுமை முழுவதும் விழும். வெளி டூட்டியையும் கணக்கில் சேர்க்கச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். நான் சேர்ப்பதில்லை. அதற்குத் தனியாக மதிப்பூதியம் உண்டு, ஆளை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஆனால் அந்த வேளைகளுக்கு X கட்டாயம் போடுவேன். அதனால் ஏப்ரலில் கூடுதலாக நின்றவர்களின் எண்ணிக்கையை அப்படியே வைத்திருந்து, அடுத்த கல்வியாண்டின் காலாண்டுத் தேர்வில் கூடுதல் டூட்டியைப் பிரிக்கும்போது அவர்கள் பெயரைக் கடைசியில் எடுப்பேன்.